லாபம் 10 கோடி, ஆனாலும் நட்டமா? ஒரு பிரிவின் பொருளாதாரக் கூட்டு மதிப்பைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பிரிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. இன்னொன்று திருப்பூரில் பின்னலாடை தைக்கும் பிரிவு. ஆண்டு முடிவில் நூற்பாலை 10 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்டுகிறது, பின்னலாடை 6 கோடி காட்டுகிறது. அடுத்த விரிவாக்கத்துக்குப் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், கூட்டத்தில் பலரும் நூற்பாலையைத்தான் கைகாட்டுவார்கள்.

இந்த இரண்டு பிரிவுகளும் நான் உதாரணத்துக்காக அமைத்தவை. எண்களும் அப்படித்தான். ஆனால் இந்தக் காட்சி ஜவுளித் தொழிலில் கணக்குப் பார்த்த எவருக்கும் பழக்கமானது. நூற்பாலை பெரும் மூலதனத்தை விழுங்கும் தொழில். கதிர்கள், கட்டடம், மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும் பஞ்சு எல்லாம் யாரோ போட்ட பணம். அந்தப் பணத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பொருளாதாரக் கூட்டு மதிப்பு என்கிறோம். அலுவலகங்களில் சுருக்கமாக இ.வி.ஏ.

யோசனை புதிதல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1950-களிலேயே இதை "எஞ்சிய வருமானம்" என்ற பொருளில் தன் பிரிவுகளை அளக்கப் பயன்படுத்தியது. பின்னால் நியூயார்க்கின் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் ஆலோசனை நிறுவனம் சில திருத்தங்களைச் சேர்த்து, இ.வி.ஏ. என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து பரப்பியது. இந்தியாவில் இன்ஃபோசிஸ் தன் ஆண்டறிக்கைகளில் இந்தக் கணக்கை வெளியிட்டு வந்தது; கோத்ரெஜ் கன்ஸ்யூமர் நிறுவனம் ஊழியர்களின் ஊக்கத்தொகையையே இதோடு இணைத்தது.

சூத்திரம் ஒரே வரிதான்:

```
இ.வி.ஏ. = செயல்பாட்டு லாபம் × (1 − வரி விகிதம்) − ஈடுபடுத்திய மூலதனம் × மூலதனக் கட்டண விகிதம்
```

எக்செலில் லாபத்தை B1, வரி விகிதத்தை B2, மூலதனத்தை B3, கட்டண விகிதத்தை B4 கட்டங்களில் வைத்தால்:

```
=B1*(1-B2)-B3*B4
```

இதில் கஷ்டம் எதுவும் இல்லை. அந்த நான்கு கட்டங்களில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. நூற்பாலையை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: செயல்பாட்டு லாபத்தைச் சுத்தம் செய்வது

நூற்பாலையின் பிரிவுக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 6.50 கோடி என்று இருக்கிறது. இதை அப்படியே எடுக்கக் கூடாது. தலைமை அலுவலகம் வங்கிக் கடன் வட்டியில் 4.20 கோடியை இந்தப் பிரிவின் தலையில் எழுதியிருக்கிறது. அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்புறம், பழைய இயந்திரம் ஒன்றை விற்றதில் 70 லட்சம் லாபம் உள்ளே இருக்கிறது. அது நூல் விற்று வந்ததல்ல, அடுத்த ஆண்டு வரப்போவதும் இல்லை. அதைக் கழிக்கிறோம். 6.50 + 4.20 − 0.70 = 10.00 கோடி.

வட்டியை ஏன் திரும்பச் சேர்க்கிறோம்? பின்னால் மூலதனக் கட்டணம் என்று ஒன்றைக் கழிக்கப்போகிறோம். கடனுக்கான விலையும் பங்குதாரர் பணத்துக்கான விலையும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டணம். வட்டியை இங்கேயும் விட்டுவைத்தால் ஒரே செலவு இரண்டு தடவை கழிந்துவிடும். முதன்முதலாக இந்தக் கணக்கைப் போடுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கண்டுபிடிப்பதும் எளிது: நீங்கள் எடுத்த லாபம், வட்டி கழித்த லாபத்தோடு பைசா மாறாமல் ஒத்துப்போனால் தவறு நடந்திருக்கிறது.

தேய்மானத்தை மட்டும் திரும்பச் சேர்க்காதீர்கள். அது உண்மையான செலவு. இயந்திரம் தேய்வதற்கு யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். தலைமை அலுவலகச் செலவின் பங்கு விஷயத்தில் என் வழக்கம் இது: பஞ்சு கொள்முதல், சம்பளப் பட்டியல் போல அந்தப் பிரிவு உண்மையில் வாங்கிக்கொள்ளும் சேவை என்றால் விட்டுவைப்பேன். விற்பனை விகிதத்தில் வெறுமனே பகிர்ந்து தள்ளிய செலவு என்றால் வெளியே எடுத்துவிடுவேன்.

இனி வரி. புதிய நிறுவன வரி முறையைத் தேர்ந்தெடுத்த உள்நாட்டு நிறுவனத்துக்கு 22% வரி, அதன் மேல் 10% கூடுதல் வரி, அதற்கும் மேல் 4% செஸ். மொத்தம் 25.17%. இந்த விகிதத்தைச் செயல்பாட்டு லாபம் முழுவதன் மீதும் போட வேண்டும். வட்டி கழித்த தொகை மீது அல்ல. வட்டியால் வரும் வரிச் சலுகை கட்டண விகிதத்துக்குள் வந்துவிடும். 10 கோடியில் 2.52 கோடி வரி போக மிஞ்சுவது 7.48 கோடி.

இரண்டாம் படி: மூலதனம், அதுவும் எந்த நாளின் மூலதனம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். லாபத்தைத் தணிக்கையாளர் பார்க்கிறார், வரித்துறை பார்க்கிறது. ஒரு பிரிவின் மூலதனத்தைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. அதனால் பிழையும் சாமர்த்தியமும் இங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

கூட்டல் முறை இதுதான். பிரிவின் நிலையான சொத்துகளின் தேய்மானம் போன மதிப்பை எடுங்கள். அதோடு சரக்கிருப்பையும், வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பாக்கியையும், கையிருப்பையும் சேருங்கள். அதிலிருந்து வட்டி இல்லாத கடன்களை, அதாவது பஞ்சு வியாபாரிக்குத் தர வேண்டியது, மின்கட்டணப் பாக்கி, கொடுக்காத சம்பளம் போன்றவற்றைக் கழியுங்கள். வங்கி கேஷ் கிரெடிட்டையும் தவணைக் கடனையும் கழிக்கக் கூடாது, அவையும் மூலதனம்தான்.

நூற்பாலைக்கு 12 மாத சராசரிகள் கோடியில் இப்படி: நிலையான சொத்து 44, பஞ்சும் நூலும் சேர்ந்த இருப்பு 18, வரவேண்டிய பாக்கி 14, கையிருப்பு 0.5. கூட்டினால் 76.5. பஞ்சு வியாபாரிகளுக்குத் தர வேண்டியது 5, மற்ற பாக்கிகள் 3.5. இரண்டையும் கழித்தால் 68 கோடி.

சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன், அதிலும் நூற்பாலைக்கு. பஞ்சுப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. வரத்து குளிர்கால மாதங்களில் உச்சத்தில் இருக்கும். பருவத்தில் வாங்கிக் குவிக்கும் ஆலையின் கிடங்கு மார்ச் 31 அன்று நிறைந்து இருக்கும், செப்டம்பரில் காலியாகக் கிடக்கும். நம் ஆலையில் மார்ச் 31 இருப்பு மட்டும் 24 கோடி என்று வையுங்கள். அந்த ஒரு நாளை எடுத்தால் மூலதனம் 6 கோடி கூடிவிடும், 12% கட்டணத்தில் 72 லட்சம் ரூபாய் தவறு வந்துவிடும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். மார்ச் கடைசி வாரத்தில் வந்த பஞ்சு லாரிகளை ஏப்ரல் 2-ஆம் தேதி வரை வாசலிலேயே நிறுத்திவைத்த ஆலையை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிவு இருப்பை வைத்து மேலாளரை அளந்தால் அவர் அப்படித்தான் செய்வார். மாத இறுதி இருப்பு பன்னிரண்டையும் கூட்டி வகுத்தால் அந்த ஆசை போய்விடும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. வாடிக்கையாளர் பில்லை வங்கியில் டிஸ்கவுண்ட் செய்திருந்தால், ஏட்டில் பாக்கி குறைந்து தெரியலாம். வாடிக்கையாளர் தராவிட்டால் வங்கி நம்மிடம்தான் வரும் என்றால், அது கடன்தான். அந்தத் தொகையைப் பாக்கியில் திரும்பச் சேருங்கள். பஞ்சு வியாபாரி தாமதத்துக்கு வட்டி போட்டால், அந்தப் பாக்கியை "வட்டியில்லாக் கடன்" என்று கழிக்கக் கூடாது. வட்டியை லாபத்தில் திரும்பச் சேர்த்துவிட்டு, பாக்கியை மூலதனத்திலேயே விட்டுவிடுங்கள்.

நிறுவிக்கொண்டிருக்கும், இன்னும் ஓடாத இயந்திரத்தை ஓடத் தொடங்கும் வரை தனியாக வைப்பது நியாயம். ஆனால் அதை எழுதி வையுங்கள். "இன்னும் நிறுவுகிறோம்" என்ற சாக்கில் ஒரு சொத்து இரண்டு ஆண்டு வெளியே நிற்கக் கூடாது.

மூன்றாம் படி: கட்டண விகிதம்

நிறுவனத்தின் பணத்தில் 60% பங்குதாரர்களுடையது, 40% கடன் என்று கொள்வோம். கடனுக்கு 9.5% வட்டி. வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்பதால் வரிக்குப் பின் 9.5 × (1 − 0.2517) = 7.11%. பங்குதாரர் பணத்துக்கு விலை எங்கும் எழுதி வைத்திருக்காது. நீண்டகால அரசுப் பத்திரத்தில் ஏறக்குறைய 7% கிடைக்கும்போது, ஏற்ற இறக்கம் மிகுந்த நூல் தொழிலில் பணம் போடுகிறவர் அதற்கு மேல் கணிசமாகக் கேட்பார். நான் இங்கே 15% வைத்திருக்கிறேன். 0.6 × 15 + 0.4 × 7.11 = 11.84%. பிரிவு மேலாளர்கள் மனதில் வைத்துக்கொள்ள வசதியாக 12%.

அந்த 15% ஒரு கணிப்பு என்பதை மறைக்கக் கூடாது. பிரிவின் மூலதனம் 68 கோடி என்றால், விகிதத்தில் 1% மாற்றம் 68 லட்சம் ரூபாய். எனவே ஒரு தடவை யோசித்து முடிவு செய்து, மூன்று ஆண்டுகளாவது அதை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஆட்டும்போதெல்லாம் இதையும் ஆட்டினால், பிரிவு முன்னேறியதா, வட்டி குறைந்ததா என்றே பிரிக்க முடியாது.

நான்காம் படி: கழித்துப் பார்ப்பது

கட்டணம் 68 × 12% = 8.16 கோடி. இ.வி.ஏ. = 7.48 − 8.16 = −0.68 கோடி. 10 கோடி லாபம் காட்டிய நூற்பாலை, தன்னிடம் உள்ள பணத்தின் விலையில் 68 லட்சத்தை ஈட்டவில்லை.

பின்னலாடைப் பிரிவுக்கும் இதே படிகள்தான். 6 கோடி லாபம், வரி போக 4.49 கோடி. அங்கே தையல் இயந்திரங்கள் மலிவு, பணம் பெரும்பாலும் துணியிலும் ஏற்றுமதிப் பாக்கியிலும் இருக்கிறது. மூலதனம் 28 கோடி. கட்டணம் 3.36 கோடி. இ.வி.ஏ. +1.13 கோடி. சிறிய லாபம் காட்டிய பிரிவு மதிப்பைக் கூட்டியிருக்கிறது, பெரிய லாபம் காட்டியது கரைத்திருக்கிறது. நிறுவனம் முழுவதற்கும் கூட்டுத் தொகை +45 லட்சம்.

முதல் படியில் சொன்ன வட்டித் தவறைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லாபம் 5.80 கோடி, வரி போக 4.34, கட்டணம் போக −3.82 கோடி. 68 லட்சம் குறையை 3.82 கோடி குறை என்று காட்டி, ஆலையை மூடலாமா என்ற பேச்சுக்கே கொண்டுபோய் விட்டிருக்கும்.

நம் உதாரணத்தில் இன்னொன்றும் தெரிகிறது. 7.48 கோடியை 68 ஆல் வகுத்தால் சரியாக 11%. அதாவது விகிதத்தை 11% என்று வைத்திருந்தால் இதே ஆலைக்கு இ.வி.ஏ. பூஜ்யம். எனவே "−68 லட்சம்" என்பதை மட்டும் எழுதாமல், பக்கத்தில் "11 சதவீதத்தில் பூஜ்யம்" என்றும் எழுதிக் கொடுங்கள். படிக்கிறவருக்கு இந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்று உடனே புரியும். பின்னலாடைக்கு அந்தப் பூஜ்ய எல்லை 16%. அந்தப் பிரிவைப் பற்றிய முடிவு விகித விவாதத்தால் மாறாது.

இந்த எண்ணை வைத்து ஆலையில் என்ன செய்வது

லாபத்தை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு இருக்கும் வழிகள் குறைவு: நூல் விலையை ஏற்ற வேண்டும், அல்லது செலவைக் குறைக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் சந்தையின் கையில். இ.வி.ஏ. வந்ததும் மூன்றாவது வழி திறக்கிறது. நம் ஆலையின் விற்பனை 120 கோடி, வரவேண்டிய பாக்கி 14 கோடி, அதாவது சுமார் 43 நாள். அதை 35 நாளுக்குக் கொண்டுவந்தால் பாக்கி 11.5 கோடியாகும். விடுபடும் 2.5 கோடிக்கு ஆண்டுக் கட்டணம் 30 லட்சம். குறையில் பாதி அளவு, ஒரு கதிரைக்கூடத் தொடாமல் போய்விடுகிறது. ஆனால் சீக்கிரம் பணம் தரும் வாடிக்கையாளருக்குக் கிலோவுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தீர்கள் என்பதையும் எதிரே எழுதுங்கள்.

பஞ்சு கொள்முதலில் இந்தக் கணக்கு இன்னும் நேரடியாக வேலை செய்யும். ஜனவரியில் வாங்கி மே மாதம் உபயோகிக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு பருவத்திலும் வரும். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி 55,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 1% வீதம் நான்கு மாதத்துக்குக் கட்டணம் 2,200 ரூபாய். விலை 2,200 ஏறினால் போதும் என்று தோன்றும். போதாது. விலை ஏற்றத்தில் கிடைக்கும் லாபத்துக்கு வரி உண்டு, நம் 12% கட்டணமோ வரிக்குப் பிந்தையது. எனவே 2,200-ஐ 0.7483-ஆல் வகுக்க வேண்டும்: 2,940 ரூபாய். கிடங்கு வாடகை, காப்பீடு அதற்கு மேல். கண்டிக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய்க்கு மேல் ஏறும் என்று கொள்முதல் மேலாளர் நம்பினால்தான், அந்தப் பஞ்சைக் கிடங்கில் வைப்பதற்குப் பொருள் உண்டு. நல்ல ரகப் பஞ்சு பருவத்துக்குப் பின் கிடைக்காது என்பது வேறு காரணம். அது சரியான காரணமும்கூட. ஆனால் அதை விலை லாபத்தோடு கலக்கக் கூடாது.

மாற்று விலை: எண்ணை வளைக்கும் கை

நூற்பாலை தன் நூலில் 15 லட்சம் கிலோவைத் திருப்பூர் பிரிவுக்குக் கொடுக்கிறது என்போம். உள்விலையைக் கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றினால் நூற்பாலை லாபம் 75 லட்சம் கூடும், வரி போக 56 லட்சம். −68 லட்சம் −12 லட்சமாகிவிடும். அதே 56 லட்சம் பின்னலாடையில் குறையும். கூட்டுத் தொகை 45 லட்சத்தில் அசையாது.

ஆகவே பிரிவு இ.வி.ஏ.வைப் பார்க்கும் முன், அதே கவுண்ட் நூலை அதே மாதத்தில் வெளியாருக்கு எந்த விலைக்கு விற்றார்கள் என்று கேளுங்கள். உள் விற்பனைக்கும் கடன் நாள் உண்டு என்றால் அதை நூற்பாலையின் பாக்கியிலும், திருப்பூரின் தர வேண்டிய கணக்கிலும் எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் நூற்பாலையின் மூலதனம் உண்மையைவிட இலகுவாகத் தெரியும்.

புது இயந்திரத்தில் வரும் பொறி

இந்த அளவுகோலின் பெரிய குறை, அது ஓராண்டை மட்டும் பார்ப்பது. நூற்பாலை 6 கோடிக்குத் தானியங்கி கோன் வைண்டிங் இயந்திரம் வாங்க யோசிக்கிறது. ஆயுள் 10 ஆண்டு, தேய்மானம் ஆண்டுக்கு 60 லட்சம். கூலியிலும் கழிவிலும் ஆண்டுக்கு 1.45 கோடி மிச்சம். தேய்மானம் போக லாபம் 85 லட்சம், வரி போக 63.6 லட்சம்.

கட்டணத்தை ஆண்டுத் தொடக்க மதிப்பில் போடுவோம். முதல் ஆண்டு 72 லட்சம், இ.வி.ஏ. −8.4 லட்சம். இரண்டாம் ஆண்டு இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 5.4 கோடி, கட்டணம் 64.8, இன்னும் −1.2 லட்சம். மூன்றாம் ஆண்டில் +6 லட்சம். பத்தாம் ஆண்டில் +56 லட்சத்துக்கும் மேல். இயந்திரம் மாறவில்லை, அதன் மிச்சமும் மாறவில்லை. ஏட்டில் மதிப்பு தேய்ந்ததால் எண் அழகாகிக்கொண்டே போகிறது.

இது வாங்கத் தகுந்த இயந்திரமா? ஆண்டுதோறும் கைக்கு வரும் பணம் 63.6 + 60 = 1.236 கோடி. 12% தள்ளுபடியில் பத்தாண்டுக் காரணி 5.65. பெருக்கினால் 6.98 கோடி, போட்டது 6 கோடி. 98 லட்சம் லாபமான முதலீடு. பத்தாண்டு இ.வி.ஏ.க்களைத் தனித்தனியே 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினாலும் இதே 98 லட்சம்தான் வரும். செய்து பாருங்கள். ஆண்டுத் தொடக்க மதிப்பை எடுத்ததால்தான் இந்த இரண்டும் ஒத்துப்போகின்றன. எளிமைக்காக, வருமான வரித் தேய்மானம் ஏட்டுத் தேய்மானத்தோடு ஒன்றே என்று வைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டில் மாற்றலாகப் போகும் மேலாளர் இந்த இயந்திரத்தைக் கேட்கவே மாட்டார். ஏற்கெனவே இ.வி.ஏ. குறையில் இருக்கிறது, அவர் ஏன் மேலும் 8 லட்சம் இறக்கிக்கொள்ள வேண்டும்? இதற்கு மறுபக்கமும் உண்டு. இருபது ஆண்டு பழைய, ஏட்டில் மதிப்பே இல்லாத கதிர்களை ஓட்டும் ஆலைக்கு இ.வி.ஏ. அற்புதமாகத் தெரியும். அந்தப் பிரிவைப் பாராட்டும் முன் ஒன்று பாருங்கள்: நிலையான சொத்துகளின் வாங்கிய விலைக்கும் இப்போதைய ஏட்டு மதிப்புக்கும் என்ன விகிதம்? நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால், அந்த உபரியில் பெரும்பகுதி பழைய இயந்திரத்தின் ஏட்டு மதிப்பிலிருந்து வருவதாக இருக்கலாம். இன்று அதே இயந்திரத்தை வாங்க ஆகும் விலையைப் போட்டு ஒரு தடவை கணக்கிட்டால் தெரிந்துவிடும்.

சில நிறுவனங்கள் இதற்குத் தேய்மானத்தையே மாற்றி அமைக்கின்றன; தேய்மானமும் கட்டணமும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே தொகையாக வரும்படி எழுதுகின்றன. நம் இயந்திரத்துக்கு அந்தச் சமத் தொகை 6 கோடியை 5.65-ஆல் வகுத்தது, 1.06 கோடி. வரி போகக் கைக்கு வரும் 1.236 கோடியில் அது போனால் ஒவ்வோர் ஆண்டும் +17 லட்சம், முதல் ஆண்டிலிருந்தே. கணக்குத் துறைக்கு இரண்டாவது தேய்மானப் பட்டியல் ஒன்று கூடுதல் வேலை. அதைச் செய்ய ஆள் இல்லாத நிறுவனத்தில் நான் செய்தது எளிது: இயந்திரம் அனுமதிக்கப்பட்டபோது ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிர்பார்த்த இ.வி.ஏ.வை, −8.4, −1.2, +6 என்று, அனுமதிக் கோப்பிலேயே எழுதி வைத்தோம். ஆண்டு முடிவில் மேலாளரிடம் கேட்டது "ஏன் குறை?" என்று அல்ல, "−8.4 என்று சொன்னீர்களே, வந்தது எவ்வளவு?" என்றுதான்.